தேங்காய்க் கணக்கும் ஏழு நிரல்களும்: தொகுக்கப்பட்ட தரவில் சராசரி, இடைநிலை, முகடு காணும் முறை

கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் மாலை வேளையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகள் ஒரே பாடத்தை மூன்று விதமான பாடநூல்களிலிருந்து கொண்டு வருகிறார்கள். சிலர் கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ்வழியில் படிப்பவர்கள். சிலர் கோபாலபுரம் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிக்குப் போய் வருபவர்கள். சிலர் மத்தியப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள். மூன்று தரப்பிலும் மதிப்பெண் போகும் இடங்கள் ஒன்றாகவே இருப்பதைப் பல விடைத்தாள்களில் பார்த்துவிட்டேன். சூத்திரத்தை மறந்து தோற்பவர்கள் குறைவு. அட்டவணையின் நிரல்களை முறையில்லாமல் போட்டு, தவறான எண்ணைத் தவறான இடத்திலிருந்து எடுப்பவர்களே அதிகம். ஆகவே ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அட்டவணை வரைவது முதல் விடையைச் சரிபார்ப்பது வரை வரிசையாகப் போகிறேன்.

கணக்கு இது: ஒரு தென்னந்தோப்பில் 60 மரங்கள். ஒரு வெட்டில் ஒவ்வொரு மரத்திலும் கிடைத்த காய்களின் எண்ணிக்கை கீழே உள்ளது. பயிற்சிக்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன்.

| காய்கள் | மரங்கள் |
|---|---|
| 1–5 | 5 |
| 6–10 | 9 |
| 11–15 | 20 |
| 16–20 | 14 |
| 21–25 | 8 |
| 26–30 | 4 |

## 1. வரையத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் வினா எதைக் கேட்கிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இது எல்லைப்புறப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் எச்சரிக்கை. மலையாளத்தில் கூட்டுச் சராசரிக்கு ‘மாத்யம்’ என்றும் இடைநிலை அளவுக்கு ‘மத்யமம்’ என்றும் சொல்கிறார்கள். காதில் விழும்போது இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆந்திர எல்லையில் சித்தூர், குப்பம் பக்கத்தில் தெலுங்கு கேட்டு வளர்ந்த பிள்ளைக்கோ ‘அங்கமத்யமம்’ என்பது கூட்டுச் சராசரி, ‘மத்யகதம்’ என்பது இடைநிலை. ‘மத்யமம்’ என்ற ஒலி ஒரு எல்லையில் இடைநிலையையும் மற்றோர் எல்லையில் சராசரியையும் குறிப்பதால், விடைத்தாளில் தலைப்பை எழுதும்போது ‘கூட்டுச் சராசரி’, ‘இடைநிலை அளவு’, ‘முகடு’ என்று தமிழில் முழுமையாக எழுதச் சொல்கிறேன்.

அடுத்து, கொடுத்திருக்கும் இரண்டாம் நிரல் உண்மையிலேயே நிகழ்வெண்தானா என்று பார்க்க வேண்டும். ‘10-க்கும் குறைவு’, ‘20-க்கும் குறைவு’ என்று தலைப்புகள் இருந்து, எதிரிலுள்ள எண்கள் கீழே போகப் போக ஏறிக்கொண்டே இருந்தால், அவை ஏற்கெனவே குவித்து எழுதப்பட்டவை. ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு மேலுள்ளதைக் கழித்த பிறகே நிகழ்வெண் கிடைக்கும். கழிக்காமல் தொடங்கினால் பின்னர் செய்யும் எல்லாமே வீண்.

மூன்றாவதாக, நிகழ்வெண்களைக் கூட்டி, வினாவில் சொன்ன மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். இங்கே 5 + 9 + 20 + 14 + 8 + 4 = 60. இந்தக் கூட்டலுக்கு அரை நிமிடம் போதும். ஓர் எண்ணைத் தவறாகப் பார்த்து எழுதியிருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

## 2. பிரிவுகளின் எல்லைகளைச் சரி செய்தல்

நம் அட்டவணையில் முதல் பிரிவு 5-இல் முடிந்து அடுத்தது 6-இல் தொடங்குகிறது. நடுவில் ஓர் அலகு இடைவெளி இருக்கிறது. இடைநிலைக்கும் முகட்டுக்குமான சூத்திரங்கள், பிரிவுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தொடர்ச்சியாகப் போகின்றன என்று கொண்டு அமைந்தவை. ஆகவே அந்த இடைவெளியைப் பாதியாகப் பிரித்து, கீழ் எல்லையிலிருந்து 0.5 கழித்து, மேல் எல்லையோடு 0.5 கூட்ட வேண்டும். 11–15 என்பது 10.5–15.5 ஆகிறது.

இதோடு பிரிவின் அகலமும் சரியாகிறது. 15-இலிருந்து 11-ஐக் கழித்து அகலம் 4 என்று எழுதுபவர்கள் பலர். 11, 12, 13, 14, 15 என்று அந்தப் பிரிவுக்குள் ஐந்து எண்ணிக்கைகள் இருக்கின்றன, 15.5-இலிருந்து 10.5-ஐக் கழித்தாலும் 5 வருகிறது. எனவே h = 5.

இந்தப் படியைத் தவறவிட்டவர்களுக்கு அது உடனே தெரிவதில்லை. 11, 15 என்ற எண்களின் நடுமதிப்பும் 13; 10.5, 15.5 என்ற எண்களின் நடுமதிப்பும் 13. ஆகையால் அகலத்தை 5 என்றே எடுத்திருந்தால் கூட்டுச் சராசரி சரியாக வந்துவிடும். அந்த விடை பாடநூலோடு ஒத்துப்போனதைப் பார்த்த பிள்ளை அட்டவணை சரி என்று நம்பி, அதே எல்லைகளோடு இடைநிலைக்குப் போய் அங்கே வழுக்குகிறது. பிரிவுகள் 0–10, 10–20 என்று தொட்டுக்கொண்டே கொடுக்கப்பட்டிருந்தால் எல்லைகளில் கை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பழக்கத்தில் அங்கும் 0.5 கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## 3. ஏழு நிரல்கள், இந்த வரிசையில்

மூன்று அளவுகளுக்கும் மூன்று அட்டவணை வரையத் தேவையில்லை. தாளின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, அளவுகோல் வைத்து ஒரே அட்டவணையாக வரைந்தால் போதும்.

| பிரிவு | உண்மை எல்லை | x | f | d | fd | cf |
|---|---|---|---|---|---|---|
| 1–5 | 0.5–5.5 | 3 | 5 | −2 | −10 | 5 |
| 6–10 | 5.5–10.5 | 8 | 9 | −1 | −9 | 14 |
| 11–15 | 10.5–15.5 | 13 | 20 | 0 | 0 | 34 |
| 16–20 | 15.5–20.5 | 18 | 14 | 1 | 14 | 48 |
| 21–25 | 20.5–25.5 | 23 | 8 | 2 | 16 | 56 |
| 26–30 | 25.5–30.5 | 28 | 4 | 3 | 12 | 60 |
| மொத்தம் | | | 60 | | 23 | |

x என்பது நடுமதிப்பு, f நிகழ்வெண், N அதன் மொத்தம், d என்பது ஊகச் சராசரியாக எடுக்கும் 13-இலிருந்து எத்தனை படி விலகியிருக்கிறது என்பது, cf குவிவு நிகழ்வெண்.

குவிவு நிகழ்வெண்ணைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அதை f-க்குப் பக்கத்திலேயே எழுதுவதுதான் எளிது. கூட்டிக்கொண்டே போகலாம் என்பதால் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் பெருக்க வேண்டிய நேரத்தில் கண் d-க்குப் பக்கத்தில் நிற்கும் எண்ணைத்தான் எடுக்கும். போன ஆண்டு ஒரு மாணவி, நல்ல கையெழுத்து, கோடெல்லாம் நேர்த்தி, fd நிரல் முழுவதிலும் d-ஐ f-க்குப் பதிலாக cf-ஆல் பெருக்கி வைத்திருந்தாள். f-க்கும் d-க்கும் நடுவே cf நின்றதுதான் காரணம். cf-ஐ வலது ஓரத்துக்குத் தள்ளிய பிறகு அவளிடம் அந்தப் பிழை வரவில்லை.

மொத்தம் எழுதும் நிரையில் f, fd ஆகிய இரண்டின் கீழ் மட்டுமே எண் இருக்க வேண்டும். x-ஐக் கூட்டுவதற்குப் பொருளில்லை. cf-ஐக் கூட்டுவதற்கும் பொருளில்லை. காலியாக விட வேண்டிய கட்டங்களில் சிறு கோடு இழுத்துவிட்டால் கை தானாக நின்றுவிடும். cf-இன் கடைசி எண் f-இன் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே சூத்திரத்துக்குப் போக வேண்டும்.

## 4. கூட்டுச் சராசரி

பிரிவுக்குள் ஒவ்வொரு மரமும் எத்தனை காய் காய்த்தது என்பது நமக்குத் தெரியாது. ஆகவே அந்தப் பிரிவிலுள்ள எல்லா மரங்களும் நடுமதிப்பு அளவே காய்த்தன என்று கொள்கிறோம். நடுப்பகுதியில் உள்ள 13-ஐ ஊகச் சராசரியாக (A) எடுத்தால் எண்கள் சிறியவையாக இருக்கும்.

```
சராசரி = A + (Σfd / N) × h
       = 13 + (23 / 60) × 5
       = 13 + 115 / 60
       = 14.92
```

இங்கே இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, fd நிரலில் குறை எண்களைத் தனியாகவும் மிகை எண்களைத் தனியாகவும் கூட்டிய பிறகு ஒன்றாக்க வேண்டும்: −19, +42, ஆக +23. ஒரே ஓட்டமாகக் கூட்டும்போது ஏதாவது ஒரு குறியை விழுங்கிவிடுவது வழக்கமாக நடக்கிறது.

இரண்டாவது, 23 ÷ 60 என்பதை உடனே 0.38 என்று சுருக்கிவிட்டால் விடை 14.9 என்று நின்றுவிடும். முதலில் பெருக்கி, கடைசியில் வகுப்பதே நல்லது.

h-ஆல் பெருக்க மறந்தால் 13.38 வரும். இதைக் கண்டுபிடிக்க நேர்வழி ஒன்று உண்டு: x-ஐயும் f-ஐயும் நேராகப் பெருக்கிக் கூட்டினால் 895, அதை 60-ஆல் வகுத்தாலும் 14.92 வர வேண்டும். தேர்வில் நேரமிருந்தால் ஓரத்தில் இதைச் செய்து பார்க்கலாம்.

## 5. இடைநிலை அளவு

மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று போகலாம்.

முதல் வேலை N/2 காண்பது: 60 / 2 = 30. அடுத்த வேலை, cf நிரலில் மேலிருந்து கீழே வந்து, 30-ஐ எட்டும் அல்லது தாண்டும் முதல் எண்ணைப் பிடிப்பது. “சார், முப்பது எங்கயுமே இல்லையே?” என்று கேட்காத ஆண்டே கிடையாது. 14-ஆவது மரம் வரை முதல் இரண்டு பிரிவுகளில் முடிந்துவிட்டன. 15 முதல் 34 வரையுள்ள மரங்கள் மூன்றாம் பிரிவில் இருக்கின்றன. 30 அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறது. அவ்வளவுதான். அந்த நிரையைப் பென்சிலால் கட்டமிட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது சூத்திரத்துக்குத் தேவையான நான்கு எண்களையும் எடுக்கிறோம். கட்டமிட்ட நிரையிலிருந்து கீழ் எல்லை l = 10.5, f = 20, h = 5 ஆகிய மூன்றும் வருகின்றன. நான்காவதான குவிவு நிகழ்வெண் மட்டும் அதற்கு மேல் நிரையிலிருந்து வருகிறது: 14. அந்த 14-ஐச் சுற்றி வட்டமிட்டு, கீழ்நிரைக்கு ஓர் அம்புக்குறி போடச் சொல்கிறேன். நாம் கேட்பது, இந்தப் பிரிவுக்குள் நுழையும் முன் எத்தனை மரங்கள் கழிந்துவிட்டன என்பதை. 34 என்பது இந்தப் பிரிவையும் சேர்த்த கணக்கு.

```
இடைநிலை = l + ((N/2 − cf) / f) × h
         = 10.5 + ((30 − 14) / 20) × 5
         = 10.5 + 4
         = 14.5
```

வட்டமிடாமல் 34-ஐப் போட்டால் 30 − 34 = −4 என்று வந்து, விடை 9.5 ஆகும். 10.5–15.5 பிரிவுக்குள் இருக்க வேண்டிய விடை அதற்கு வெளியே விழுந்துவிட்டதால் பிழை தானே வெளிப்படும். ஆனால் சிலர் அந்தக் குறைக்குறியைப் பார்த்துப் பயந்து 4 என்று மாற்றி எழுதிவிடுகிறார்கள், அப்போது 11.5 என்ற, பார்வைக்குச் சரிபோலத் தோன்றும் விடை வந்துவிடுகிறது. கழித்தலில் குறைக்குறி வந்தால் அதைத் துடைக்காமல், cf எடுத்த நிரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

எல்லையைச் சரி செய்யாமல் 11-இலிருந்து தொடங்கியவருக்கு 15 வரும். அகலத்தை மட்டும் 4 என்று போட்டவருக்கு 13.7 வரும். இரண்டுமே பிரிவுக்குள் இருப்பதால் இவற்றை விடையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாம் படியை அவ்வளவு வலியுறுத்தியது இதற்காகத்தான்.

இன்னொரு கேள்வி: தொகுக்காத தரவில் (N + 1)/2 என்று படித்தோமே, இங்கே ஏன் N/2? இதற்குக் கேரளப் பாடநூலில் படிக்கும் பிள்ளைகளிடம் அழகான விடை இருக்கிறது. அங்கே சூத்திரத்துக்குப் பதிலாகக் கூட்டுத் தொடர்வரிசையாக இடைநிலையைக் காண்கிறார்கள். இடைநிலைப் பிரிவின் அகலத்தை அதிலுள்ள எண்ணிக்கையால் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு மரம் நிற்பதாகக் கொள்கிறார்கள்.

நம் கணக்கில் 5-ஐ 20 துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் 0.25. முதல் மரம் முதல் துண்டின் நடுவில், அதாவது 10.5 + 0.125 = 10.625-இல் நிற்கிறது. அது மொத்த வரிசையில் 15-ஆவது மரம். 60 மரங்களின் நடுவில் இருப்பவை 30-ஆவதும் 31-ஆவதும். இந்தப் பிரிவுக்குள் அவை 16-ஆவதும் 17-ஆவதும். 16-ஆவது மரம் 10.625 + 15 × 0.25 = 14.375, 17-ஆவது 14.625. இரண்டின் நடு 14.5.

சூத்திரம் தந்த அதே விடை. மரத்தைத் துண்டின் நடுவில் வைத்ததால் ஏற்படும் அரைத் துண்டு வித்தியாசம், (N + 1)/2-இலுள்ள கூடுதல் அரையைச் சரியாக ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே சூத்திரத்தோடு 30.5-ஐப் போட்டால் அந்த அரை இரண்டு முறை எண்ணப்பட்டு 14.625 என்று வரும். எந்த முறையைத் தொடங்கினீர்களோ அதையே கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள்; தொடர்வரிசை முறையின் தொடக்கத்தையும் சூத்திரத்தின் முடிவையும் ஒட்ட வைப்பதுதான் ஆபத்து.

N/2 சரியாக ஒரு cf-க்குச் சமமாக வந்தால் எந்தப் பிரிவு என்று குழம்ப வேண்டாம். சமமாக உள்ள பிரிவை எடுத்தால் அதன் மேல் எல்லையும், அடுத்ததை எடுத்தால் அதன் கீழ் எல்லையும் விடையாக வரும். இரண்டும் ஒரே எண்.

## 6. முகடு

இதற்கு cf தேவையே இல்லை. f நிரலை மட்டும் பார்த்தால் போதும். மிகப் பெரிய நிகழ்வெண் 20, ஆகவே முகட்டுப் பிரிவு 10.5–15.5. இங்கே இடைநிலைப் பிரிவும் அதுவே. ஆனால் எப்போதும் அப்படி அமையாது என்பதால் தனியாகத் தேடியே ஆக வேண்டும். f1 = 20; அதற்கு மேலுள்ளது f0 = 9; கீழுள்ளது f2 = 14.

பாடநூல்களில் பகுதி 2f1 − f0 − f2 என்று இருக்கும். நான் அதை இரண்டு வித்தியாசங்களின் கூட்டலாக எழுதச் சொல்கிறேன். மதிப்பு ஒன்றுதான், குறி தவறுவது குறைகிறது.

```
முகடு = l + (f1 − f0) / ((f1 − f0) + (f1 − f2)) × h
      = 10.5 + 11 / (11 + 6) × 5
      = 10.5 + 55 / 17
      = 13.74
```

இப்படி எழுதும்போது சூத்திரத்தின் பொருளும் தெரிகிறது. பிரிவின் அகலத்தை 11 : 6 என்ற விகிதத்தில் பிரிக்கிறோம். மேல்நிரையின் 9 மரங்களைவிடக் கீழ்நிரையின் 14 மரங்கள் அதிகம் என்பதால் முகடு அந்தப் பக்கம் சாய்கிறது. ஆகவே அது பிரிவின் நடுவான 13-ஐத் தாண்டியே இருக்க வேண்டும். 2 × 20 − 9 + 14 என்று குறி தவறியவருக்குப் பகுதி 45 ஆகி விடை 11.72 வரும். அது பிரிவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் 13-க்குக் கீழே நிற்பதால் தவறு என்று உடனே சொல்லிவிடலாம்.

மிகப் பெரிய நிகழ்வெண் முதல் நிரையிலேயே இருந்தால் f0 = 0; கடைசி நிரையில் இருந்தால் f2 = 0. பிரிவுகளின் அகலம் சமமாக இல்லாதபோது இந்தச் சூத்திரம் பொருந்தாது, ஏனென்றால் அகலமான பிரிவு அகலத்தினாலேயே அதிக எண்ணிக்கையைச் சேர்த்துக்கொள்ளும்.

## 7. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தல்

விடைகள்: சராசரி 14.92, இடைநிலை 14.5, முகடு 13.74. நிகழ்வெண்கள் 20-இல் உச்சிக்குப் போய், பிறகு 14, 8, 4 என்று மெதுவாக இறங்குகின்றன. பெரிய மதிப்புகளின் பக்கம் இப்படி வால் நீண்டிருந்தால், அந்தச் சில மரங்கள் சராசரியைத் தம் பக்கம் இழுக்கும். முகடு கீழேயும் இடைநிலை நடுவிலும் சராசரி மேலேயும் அமைவதுதான் இயல்பு. நம் விடைகள் அந்த வரிசையில் இருக்கின்றன.

இன்னும் நெருக்கமாகப் பார்க்க ஒரு தொடர்பு இருக்கிறது: முகடு ஏறத்தாழ 3 × இடைநிலை − 2 × சராசரி. இங்கே 43.5 − 29.83 = 13.67, சூத்திரத்தில் கண்ட 13.74-க்கு அருகில் இருக்கிறது. இது தோராயமான உறவு மட்டுமே. இரண்டும் அச்சாக ஒத்துப்போகவில்லை என்பதற்காகச் சரியான விடையை அடித்துத் திருத்தக் கூடாது. இடைநிலையில் 15 என்று தவறாக வந்திருந்தால் இதே சோதனை 15.17 என்று காட்டியிருக்கும். முகட்டிலிருந்து அவ்வளவு தூரம் விலகியிருந்தால் இரண்டாம் நிரலுக்குத் திரும்பி எல்லைகளைப் பார்க்க வேண்டும்.

விடையின் கடைசியில் அலகை எழுத வேண்டும்: ‘மரத்துக்கு 14.92 காய்கள்’. நிகழ்வெண்ணின் பெயரைப் பிடித்துக்கொண்டு ‘14.92 மரங்கள்’ என்று முடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். x நிரலின் அலகு எதுவோ அதுவே மூன்று விடைகளின் அலகும்.